72 மணி நேரம் என்ற கணக்கு மட்டும் போதாது



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மேசை மேலிருந்து எடுத்து வைக்க மனம் வரவில்லை. எழுதியவர் ஒரு பெண் குழந்தையின் தாய். இன்னும் இரண்டு வருஷமாவது கழித்துத்தான் அடுத்த குழந்தை என்று கணவனும் மனைவியுமாக முடிவு செய்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவசர கருத்தடை மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டார். பதினோரு மணி நேரம்கூட ஆகவில்லை. அட்டையில் 72 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. அப்படியும் அந்த மாதம் நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடு வந்துவிட்டது. “மாத்திரை சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். நான் எங்கே தப்புச் செய்தேன்?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன். அவர் கேட்டதைக் கேட்க முடியாமல் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

கடைகளில் கிடைக்கும் அவசர மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம். தினமும் சாப்பிடும் சில கருத்தடை மாத்திரைகளில் சிறிய அளவில் இருக்கும் அதே மருந்துதான் இங்கே பெரிய அளவில் ஒரே வேளையாகத் தரப்படுகிறது. முன்பு இதைப் பாதிப் பாதியாக, 12 மணி நேர இடைவெளியில் சாப்பிடச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, முழுவதையும் ஒரே தடவையாகச் சாப்பிட்டாலும் பலன் அதேதான் என்று காட்டியது. அதன்பிறகுதான் ஒரே மாத்திரை பரவலாக வந்தது.

இது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று கேட்டால் 85 சதவீதம் என்ற எண்ணை அடிக்கடி சொல்வார்கள். அது 1998-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில் வந்த எண். அதைக் கேட்டதும் மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் பதினைந்து பேர் கருத்தரித்துவிடுவார்கள் என்றுதான் பலருக்கும் தோன்றும். அப்படியில்லை. அந்த ஆய்வில் மாத்திரை சாப்பிட்ட 976 பெண்களில் 11 பேர்தான் கருத்தரித்தார்கள். மாத்திரையே சாப்பிடாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் கருத்தரித்திருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அது எழுபதைத் தாண்டியது. எழுபது சொச்சம் வரவேண்டிய இடத்தில் பதினொன்று வந்ததால், தடுக்கப்பட்டது 85 சதவீதம்.

இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. “வந்திருக்க வேண்டிய” கர்ப்பங்கள் எத்தனை என்பதை, ஒவ்வொரு பெண்ணும் தன் கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்று சொன்னதை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். தேதி ஞாபகத்தில் இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனாலும் கணக்கு மாறிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், எந்த நாள் என்று பார்க்காமல் பொதுவாக எடுத்துக்கொண்டால், பாதுகாப்பில்லாத ஒரே ஒரு உறவில் கரு உண்டாகும் வாய்ப்பு சராசரியாக நூற்றுக்கு மூன்றுதான். மாதத்தின் பெரும்பாலான நாட்களில் கருத்தரிக்கவே முடியாது. அந்த நாட்களில் பதறிப்போய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மாதவிலக்கு தவறாமல் வரும்; பெயர் மாத்திரைக்குப் போகும். “எனக்கு மூன்று தடவை கேட்டது” என்று ஒரு தோழி சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மூன்று தடவையில் எத்தனையில் மாத்திரைக்கு வேலையே இல்லாமல் இருந்தது என்பது அவருக்கும் தெரியாது.

ஆகவே அந்தச் சராசரி எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உறவு கொண்ட அந்த நிமிஷமே கரு உண்டாகிவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விந்தணு கருப்பைக்குள்ளும் கருக்குழாயிலும் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். முட்டை அப்படிக் காத்திருக்காது. சினைப்பையிலிருந்து வெளியே வந்தால் அதற்கு ஆயுள் ஒருநாளுக்குள்தான். அமெரிக்காவின் வட கரோலைனாவில் கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்த 221 பெண்கள் தினமும் சிறுநீர் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்த ஹார்மோன்களை வைத்து ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995-இல் வெளியிட்ட முடிவு இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளமாக இருக்கிறது. கருத்தரிக்கக்கூடிய நாட்கள் மொத்தம் ஆறு. முட்டை வெளியாகும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். ஐந்து நாள் முன்னால் உறவு என்றால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. முட்டை வெளியாகும் நாளில் அது முப்பத்து மூன்று. அடுத்த நாளே கதவு மூடிவிடுகிறது.

அந்த ஆறு நாட்களுக்குள்தான் மாத்திரைக்கு வேலை. அதிலும் எல்லா நாளிலும் இல்லை.

குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போனவர்களுக்கு ஃபாலிக்கிள் ஸ்கேன் என்றால் தெரியும். ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் நீர் நிறைந்த ஒரு சின்னப் பை வளர்கிறது. முட்டை அதற்குள் இருக்கும். அந்தப் பைதான் ஃபாலிக்கிள். டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன் எடுத்து “இன்றைக்குப் பதினான்கு”, “இன்றைக்குப் பதினெட்டு” என்று மில்லிமீட்டரில் சொல்வார். நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து, இருபதை ஒட்டியோ அதைச் சற்றுத் தாண்டியோ வந்ததும் அது வெடித்து முட்டை வெளியேறுகிறது. வெடிக்கச் சொல்லும் ஆணை மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று பெருகி எழும். அது எழத் தொடங்கியதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகிவிடும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் செய்யும் வேலை, அந்த எல்.எச். எழுச்சியை எழவிடாமல் அமுக்கி வைப்பது. ஃபாலிக்கிள் பன்னிரண்டு, பதினைந்து மில்லிமீட்டரில் இருக்கும்போது மாத்திரை உள்ளே போனால் பெரும்பாலும் முட்டை வெளியாவது தள்ளிப்போகும். சிலருக்கு அந்த மாதம் வெளியாகாமலே போகும். காத்திருக்கும் விந்தணுக்கள் அதற்குள் ஆயுள் முடிந்து போய்விடும். எல்.எச். எழத் தொடங்கிவிட்டதென்றால் மாத்திரை கிட்டத்தட்டக் கையாலாகாமல் நிற்கும். மடை திறந்த பிறகு ஏரிக்கரையில் மண் கொட்டி என்ன பயன்? ஃபாலிக்கிள் 18 மில்லிமீட்டரைத் தாண்டிய பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், இந்த மாத்திரையைச் சாப்பிட்ட நூறு பேரில் பதினைந்து பேருக்குத்தான் முட்டை வெடிப்பது ஐந்து நாளாவது தள்ளிப்போயிற்று. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது நான்கு பேர். அதே நிலையில் யூலிப்ரிஸ்டால் என்ற இன்னொரு மருந்து நூறில் ஏறக்குறைய அறுபது பேருக்குத் தள்ளிவைத்தது. எல்.எச். எழத் தொடங்கிய பிறகும் அதற்குக் கொஞ்ச நேரம் பிடிமானம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010-க்குள் அனுமதி பெற்ற அந்த மருந்து நம் கடைகளில் சாதாரணமாகப் புழங்குவதில்லை.

இதையெல்லாம் உறுதியாகக் காட்டிய ஆய்வு எங்கே நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் தலைநகர் சான்டியாகோவில். அந்த நாட்டில் இந்த மாத்திரை கருவைக் கலைக்கிறதா, தடுக்கிறதா என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிற்று. 2008-இல் அரசு மருத்துவமனைகள் அதைக் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2010-இல் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் திரும்பக் கொடுக்க முடிந்தது. உருவான கருவைக் கருப்பையில் ஒட்டவிடாமல் மாத்திரை தடுக்கிறது என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். அது உண்மைதானா என்று பார்க்க ஒரே வழி, முட்டை வெளியாவதற்கு முன் சாப்பிட்டவர்களையும் பின் சாப்பிட்டவர்களையும் தனித்தனியாகப் பிரித்து எண்ணுவது.

கேப்ரியேலா நோயே, ஓராசியோ குரோக்ஸாட்டோ ஆகியோரின் குழு அதைச் செய்தது. மாத்திரை வாங்க வந்த பெண்களிடம் தேதி கேட்டதோடு விடவில்லை. இரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் சுழற்சியின் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது அதில் தெரிந்தது. கருத்தரிக்கக்கூடிய அந்த ஆறு நாட்களில் உறவு கொண்டவர்கள் என்று உறுதியானவர்கள் 148 பேர். அவர்களில் 103 பேர் முட்டை வெளியாவதற்கு முன்பே மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். மாத்திரை இல்லையென்றால் அவர்களில் 16 பேர் கருத்தரித்திருக்க வேண்டும். ஒருவர்கூடக் கருத்தரிக்கவில்லை. மீதி 45 பேர் முட்டை வெளியான அன்றோ அதற்குப் பிறகோ சாப்பிட்டவர்கள். அவர்களில் எட்டொன்பது பேர் கருத்தரிக்க வேண்டும் என்பது கணக்கு. எட்டுப் பேர் கருத்தரித்தார்கள்.

இந்த இரண்டு வரிகளை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரே மாத்திரை. ஒரு பக்கம் பதினாறுக்குப் பூஜ்யம். இன்னொரு பக்கம் ஒன்பதுக்கு எட்டு. 85 சதவீதம் என்பது இந்த இரண்டு பக்கத்தையும், வேலையே இல்லாமல் சாப்பிட்டவர்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி. அந்த எட்டுப் பெண்களின் கரு மாத்திரை உள்ளே போன பிறகும் நன்றாகவே ஒட்டி வளர்ந்தது என்பதையும் கவனியுங்கள். கரு ஒட்டுவதை மாத்திரை தடுக்குமென்றால் அவர்கள் கருத்தரித்திருக்க மாட்டார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், கருப்பையில் கரு ஒட்டுவதை இது பாதிக்காது என்று மாத்திரைப் பெட்டியின் வாசகத்தை மாற்றச் சொல்லிவிட்டது. கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்துப் பயந்து ஒதுங்கியவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஏற்கெனவே கரு இருப்பது தெரியாமல் சாப்பிட்டிருந்தாலும் அதனால் குழந்தைக்குக் கெடுதல் வருவதாக இதுவரை தெரியவரவில்லை.

இப்போது நம் வாசகியின் கணக்குக்கு வருகிறேன். அவர் தேதிகளைத் தெளிவாக எழுதியிருக்கிறார். இரத்தப்போக்கு தொடங்கியது ஒன்றாம் தேதி. தலைக்குக் குளித்தது நான்காம் தேதி. ஆணுறை கிழிந்தது பதின்மூன்றாம் தேதி இரவு. குளித்த நாளிலிருந்து எண்ணி அதைப் பத்தாம் நாள் என்று வைத்திருக்கிறார். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அம்மா சொல்லிக் கொடுத்தது, பாட்டி சொல்லிக் கொடுத்தது. மருத்துவத்தில் எண்ணுவது முதல் துளி இரத்தம் பட்ட நாளிலிருந்து. ஆகவே அது பதின்மூன்றாம் நாள். அவருக்குச் சுழற்சி 27 நாள் என்றும் எழுதியிருக்கிறார். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினான்கு நாள் முன்னால்தான் முட்டை வெளியாகும். இருபத்தேழில் பதினான்கைக் கழித்தால் மிஞ்சுவது பதின்மூன்று. ஆக, அன்றைக்கு இரவு ஃபாலிக்கிள் வெடித்துக்கொண்டிருந்திருக்கும், அல்லது வெடிக்கும் தறுவாயில் இருந்திருக்கும். எல்.எச். அதற்கு முந்தைய நாளே எழுந்திருக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதிலாக நள்ளிரவிலேயே மாத்திரையை விழுங்கியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

இன்னொரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குச் சுழற்சி 32 நாள். முட்டை வெளியாவது பதினெட்டாம் நாள் வாக்கில். பதின்மூன்றாம் நாள் இரவு பாதுகாப்பில்லாமல் உறவு. மாத்திரை கிடைக்க இரண்டு நாள் அலைந்து, பதினைந்தாம் நாள் இரவுதான் சாப்பிடுகிறார். நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் எல்.எச். எழ அவருக்கு இன்னும் ஒருநாள் இருக்கிறது. மாத்திரைக்கு வேலை செய்ய இடம் இருக்கிறது, செய்யும். பதினோரு மணி நேரத்தில் சாப்பிட்டவருக்குக் கேட்காததும், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சாப்பிட்டவருக்குக் கேட்பதும் இப்படித்தான். உறவு முடிந்து எத்தனை மணி நேரம் என்பது பாதிக் கணக்கு. முட்டை வெளியாக இன்னும் எத்தனை மணி நேரம் என்பது மீதிப் பாதி. அட்டையில் அச்சடிக்க முடிந்தது முதல் பாதியை மட்டும்தான்.

அப்படியானால் நாளைக் கணக்குப் பார்த்து, தேவையா இல்லையா என்று முடிவு செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் மேலே போட்ட கணக்கு நடந்து முடிந்ததற்கு விளக்கம் தேடுவதற்குத்தான் உதவும். முன்கூட்டி நம்பிச் செயல்படுவதற்கு அது போதாது. அதே வில்காக்ஸ் குழு 2000-இல் இதையும் பார்த்தது. மருத்துவப் புத்தகங்கள் கருத்தரிக்கும் நாட்கள் என்று சொல்வது பத்தாம் நாள் முதல் பதினேழாம் நாள் வரை. ஆறு நாட்களும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிய பெண்கள் நூற்றுக்கு முப்பது பேர்தான். ஆறாம் நாள் முதல் இருபத்தோராம் நாள் வரை எந்த நாளை எடுத்தாலும் குறைந்தது நூறில் பத்துப் பேர் அன்றைக்குக் கருத்தரிக்கக்கூடிய நிலையில் இருந்தார்கள். மாதம் தவறாமல் வருகிறது என்று சொல்லும் பெண்களுக்கும் முட்டை வெளியாகும் நாள் இடம் மாறுகிறது. கைப்பேசியில் இருக்கும் மாதவிலக்குச் செயலி காட்டும் நாளும் போன மாதங்களை வைத்துப் போட்ட ஊகம்தான்.

ஆகவே எந்த நாளாக இருந்தாலும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். இன்று இரவு ஃபாலிக்கிள் பதினாறில் இருந்தால் நாளை இரவு அது பதினெட்டு. இன்று வேலை செய்யும் மாத்திரை நாளைக்குச் செய்யாமல் போகலாம். 1998 ஆய்வில் முதல் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடம் தடுப்பு 95 சதவீதம், மூன்றாம் நாள் சாப்பிட்டவர்களிடம் 58 சதவீதம் என்று வந்ததற்கும் இது பொருந்துகிறது. மருந்தின் வீரியம் அப்படியேதான் இருக்கிறது; தாமதிக்கத் தாமதிக்க, எல்.எச். எழுந்துவிட்ட பெண்களின் எண்ணிக்கை கூடுகிறது. மூன்று நாள் தாண்டியும் ஐந்து நாள் வரை சாப்பிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்பிக்கை மட்டும் குறைவு.

இந்தச் “சீக்கிரம்” என்ற சொல்தான் நம் ஊரில் கஷ்டமாகிவிடுகிறது. இந்த மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் விற்கலாம் என்று இந்தியாவில் 2005-லேயே அனுமதி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் தடை ஏதுமில்லை. ஆனாலும் பல மருந்துக் கடைகளில் இதை வாங்கி வைப்பதே இல்லை. ஒரு கடையில் “ஸ்டாக் இல்லை” என்பார்கள். அடுத்த கடையில் “சீட்டு இருக்கிறதா” என்பார்கள். இன்னொரு கடையில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். கவுன்ட்டர் முன்னால் நாலு பேர் நிற்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரும் பெண்ணின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அவர் திரும்பிப் போய்விடுகிறார். மறுநாள் சாயங்காலம் வெளியூர் பஸ் ஏறி வேறொரு கடையில் வாங்குகிறார். அந்த ஒன்றரை நாள்தான் ஃபாலிக்கிள் பதினாறிலிருந்து பத்தொன்பதுக்குப் போகும் நேரம். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் மருந்தாளுநர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: வாங்கி வையுங்கள், கேட்டவருக்குக் கேள்வி கேட்காமல் கொடுங்கள். மற்றவர்களுக்கு என் யோசனை: ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் இந்த மாத்திரை ஒன்றையும் முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மாத்திரை சாப்பிட்ட பிறகு நடக்கும் ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முட்டை வெளியாவதை மாத்திரை தள்ளிவைக்கிறது. தள்ளிவைத்த முட்டை நான்கைந்து நாள் கழித்து வெளியே வரத்தான் செய்யும். மாத்திரைதான் சாப்பிட்டாயிற்றே என்ற தைரியத்தில் அந்த வாரமே மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு வைத்துக்கொண்டால், முட்டை வரும் நேரத்துக்குச் சரியாக விந்தணு போய்க் காத்திருக்கும். மாத்திரை கேட்கவில்லை என்று வரும் கர்ப்பங்களில் சில இப்படி வந்தவைதான். மாதவிலக்கு வரும் வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை வேண்டும். மாத்திரை சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று சாப்பிட வேண்டும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களும், வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் சாப்பிடுகிறவர்களும் இந்த ஒரு மாத்திரையை நம்பக் கூடாது. அந்த மருந்துகள் கல்லீரலைத் தூண்டி லெவோநார்ஜெஸ்ட்ரலை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கும் இதன் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இவர்கள் டாக்டரிடம் போவது நல்லது.

போனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது காப்பர்-டி. அவசர கருத்தடை என்றாலே மாத்திரை என்று ஆகிவிட்டது. இருப்பதிலேயே நம்பகமானது காப்பர்-டிதான். உறவு கொண்ட ஐந்து நாட்களுக்குள் கருப்பையில் வைத்துவிட்டால், செம்பு விந்தணுவை முடக்கிவிடுகிறது. எல்.எச். எழுந்ததா, ஃபாலிக்கிள் எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்விகளுக்கு அது கட்டுப்பட்டதில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 42 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் பார்த்தபோது, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு உண்டாகியிருந்தது. எடையும் அதைப் பாதிப்பதில்லை, காசநோய் மாத்திரையும் பாதிப்பதில்லை. வைத்துவிட்டால் அதுவே பல வருஷத்துக்கான கருத்தடையாகவும் இருந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டு வருஷம் கழித்துத்தான் அடுத்த குழந்தை என்றிருக்கும் தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம். சுழற்சியின் நடுநாட்களில் ஆணுறை கிழிந்தது என்றால், கையில் இருக்கும் மாத்திரையை உடனே சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மருத்துவமனைக்குப் போய்க் காப்பர்-டி பற்றிக் கேளுங்கள். பிறப்புறுப்பில் நோய்த்தொற்று இருக்கிறவர்களுக்கு உடனே வைக்க மாட்டார்கள். வைக்கலாமா கூடாதா என்பதை டாக்டர் பரிசோதித்துச் சொல்வார்.

மாத்திரை வேலை செய்ததா என்று அறிய அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்கத்தான் வேண்டும். அது சில நாள் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். இடையில் லேசாக இரத்தம் படுவதும் உண்டு. அதை மாதவிலக்கு என்று நினைத்து நிம்மதியாகிவிட வேண்டாம். எதிர்பார்த்த நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டினாலோ, மாத்திரை சாப்பிட்டு மூன்று வாரம் ஆகியும் வரவில்லை என்றாலோ, சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரு உண்டாகிவிட்டது, இப்போது வேண்டாம் என்ற நிலை வந்தால் அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. கருத்தடை முறை தவறியதால் வந்த கர்ப்பத்தைப் பதிவு பெற்ற மருத்துவர் 20 வாரம் வரை பாதுகாப்பாகக் கலைக்கலாம். முன்பு மணமான பெண்ணுக்கு மட்டும் என்றிருந்ததை 2021-இல் செய்த திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் என்று மாற்றியது. பெண்ணின் சம்மதம் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. வைத்துக்கொள்வதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நாள் கடத்தாமல் டாக்டரைப் பார்ப்பது மட்டும் அவசியம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இதன் நகலைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். வீட்டில் உள்ளவர்களும் படிக்கட்டும் என்று பதின்மூன்றாம் நாள் கணக்கு வரும் பத்தியில் கோடிட்டிருக்கிறேன்.

அடுத்த இதழில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் காப்பர்-டி பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். போடும்போது வலிக்குமா, நூல் தட்டுப்படுமா, எடுத்ததும் கரு தங்குமா என்று ஏற்கெனவே சிலர் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களும் எழுதுங்கள். பெயரும் ஊரும் போட வேண்டாம். ஆனால் தேதிகளை எழுதும்போது, இரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளைக் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்